விடை பிழைத்தால் வழியும் பிழையா?

கணக்கின் ஈற்றிலுள்ள எண்ணை மட்டும் நோக்கிப் புள்ளியிடுதல் முறையாகுமா? ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். செவ்வகமொன்றின் நீளம் அகலத்திலும் 3 அடி கூடியது; பரப்பு 40 சதுர அடி. சுற்றளவு யாது?

இதற்கு 6 புள்ளிகள் எனக் கொள்வோம். அகலத்தை x எனக் கொண்டு x² + 3x − 40 = 0 என்று சமன்பாடு அமைப்பதற்கு 2; காரணிப்படுத்தலுக்கு 1; மறைப் பெறுமானத்தைத் தள்ளி அகலங் கொள்வதற்கு 1; சுற்றளவு காணும் முறைக்கு 1; 26 அடி என்னும் விடைக்கு 1.

மாணவனொருவன் குறி மாறி, (x − 8)(x + 5) என எழுதி, அகலம் 8, நீளம் 11, சுற்றளவு 38 என முடிக்கிறான். காரணிக்கும் விடைக்கும் உரிய 2 புள்ளிகளை இழக்கிறான். பின்வந்த படிகளைத் தனது எண்களைக் கொண்டு முறைப்படியே செய்தமையால் ஏனைய 4 புள்ளிகளும் அவனுக்கு உரியன. 8ஐ 11ஆற் பெருக்கிப் பார்த்திருப்பின், 88 வருவதைக் கண்டு தன் வழுவைத் தானே உணர்ந்திருப்பான்.

ஆயின், இச்சலுகைக்கும் எல்லையுண்டு. x + (x + 3) = 40 என எழுதியவன் கணக்கையே எளிதாக்கிவிட்டான். காரணிப்படுத்தவோ மறைப் பெறுமானத்தைத் தள்ளவோ அவனுக்கு வேலையில்லை. சுற்றளவு முறைக்குரிய 1 புள்ளியே அவனைச் சேரும்.

வழியெதுவும் காட்டாது 26 என்று மட்டும் எழுதியவனுக்கு எத்தனை? அதனைத் திருத்தத் தொடங்குமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். தாளைக் கண்டபின் அன்று.