பூசணத்திலும் நல்லது உண்டு!

பிரான்சு நாட்டில் ரோக்போர் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள மலைக் குகைகளில், செம்மறியாட்டுப் பாலில் செய்த பாலாடைக்கட்டியைப் பழுக்க வைக்கிறார்கள். 'பெனிசிலியம் ரோக்போர்ட்டி' என்ற பூசணத்தை வேண்டுமென்றே அதில் சேர்க்கிறார்கள். பிறகு கட்டியில் ஊசியால் துளை போடுகிறார்கள். துளை வழியே காற்று போனால்தான் உள்ளே நீலப் பூசணம் நரம்பு போல் ஓடும். இதைச் சாப்பிடலாம்.

அதே கட்டியின் மேல் கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பஞ்சு போல் முளைத்தால்? அது அழையாத விருந்தாளி! கட்டி மிருதுவானது, ஈரமுள்ளது. பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

செடார் போன்ற கெட்டியான கட்டியில் பூசணம் எளிதில் ஆழமாக இறங்காது. அதைச் சுற்றிலும் அடியிலும் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சாப்பிடலாம். வெட்டும்போது கத்தி பூசணத்தில் படக்கூடாது. பட்டால், நல்ல பகுதியிலும் பூசணம் ஒட்டிக்கொள்ளும்.