மாதம் 40 ஆயிரம் கட்டியும் வீட்டுக்கடன் குறையவில்லையா? ப்ரீ-இஎம்ஐ கணக்கு இதுதான்

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் புலம்பினார். பள்ளிக்கரணை பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடியில் ஃபிளாட் புக் செய்திருக்கிறார். "20 மாசமா ஒழுங்கா கட்டிட்டு வர்றேன். இதுவரை 4 லட்சத்து 62 ஆயிரம் போயிருக்கு. பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்தா கடன்ல ஒரு ரூபாய்கூடக் குறையல. ஏதாவது தப்பா இருக்குமோ?"

தப்பு எதுவும் இல்லை. அவர் கட்டிக்கொண்டிருப்பது இஎம்ஐ அல்ல, ப்ரீ-இஎம்ஐ. பெயரில் இஎம்ஐ இருப்பதால் அசலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது வெறும் வட்டி. அதுவும் வங்கி இதுவரை பில்டருக்குக் கொடுத்திருக்கும் தொகைக்கான வட்டி மட்டும்.

கட்டி முடித்த வீட்டை வாங்கினால் வங்கி மொத்தக் கடனையும் ஒரே நாளில் கொடுத்துவிடும், அடுத்த மாதமே இஎம்ஐ தொடங்கிவிடும். கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டுக்கு அப்படிக் கொடுப்பதில்லை. கட்டடம் எழும்ப எழும்பத் தவணை தவணையாகத்தான் பணம் போகும். கட்டடம் வளராமல் பணம் மட்டும் முன்னால் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

நண்பரின் கணக்கு

ஃபிளாட்டின் விலை 75 லட்சம். வங்கி 80 சதவீதம், அதாவது 60 லட்சம் கடன் கொடுத்தது. வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டுகள். மீதி 15 லட்சம் நண்பரின் கைப்பணம். இதில் ஒரு வரிசை இருக்கிறது. உங்கள் பணம் முழுதும் பில்டரிடம் போன பிறகுதான் வங்கி தன் பணத்தை எடுக்கும். புக்கிங்குக்கு 10 சதவீதம், ஒப்பந்தத்துக்கு 10 சதவீதம் என்று அவருடைய 15 லட்சமும் முதலிலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு வங்கியின் முறை. அஸ்திவாரம் முடிந்ததும் 15 சதவீதம், 11.25 லட்சம். பிறகு ஸ்டில்ட் தளம், முதல் மாடித் தளம் என்று ஐந்து தளங்கள், ஒவ்வொன்றும் போடப்போட 10 சதவீதம், அதாவது 7.5 லட்சம். சுவர் எழுப்பிப் பூசி முடித்தால் இன்னொரு 10 சதவீதம். சாவி கொடுக்கும்போது கடைசி 5 சதவீதம்.

8.5 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு மாத வட்டி சுமார் 708 ரூபாய். அஸ்திவாரத்துக்குப் பணம் போன முதல் மாதத்தில் நண்பர் கட்டியது ரூ.7,969 மட்டுமே. "இவ்ளோதானா, ஈஸியா இருக்கே" என்று அப்போது சந்தோஷப்பட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தளம் ஏறியது. ஸ்டில்ட் தளம் போட்டதும் ரூ.13,281, அடுத்த தளத்துக்கு ரூ.18,594 என்று போய், ஐந்து தளமும் முடிந்தபோது ரூ.34,531 ஆனது. 19-ம் மாதம் பூச்சு வேலைக்கான பணமும் போக, இப்போது மாதம் ரூ.39,844. இதோடு இருக்கிற வீட்டுக்கு வாடகை 18 ஆயிரம்.

ஆப்பில் தெரியும் கடன் பாக்கி 56.25 லட்சம். குறையவில்லை என்பது மட்டுமில்லை, ஒவ்வொரு தவணைக்கும் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. சொன்னபடி 24-ம் மாதம் சாவி கிடைத்தால், அதற்குள் வட்டியாக மட்டும் சுமார் 6 லட்சத்து 22 ஆயிரம் போயிருக்கும். அதன் பிறகுதான் 60 லட்சத்துக்கு மாதம் ரூ.52,069 என்று அசல் இஎம்ஐ தொடங்கும். 20 ஆண்டு என்பது அன்றிலிருந்துதான் எண்ணப்படும்.

ஆனால் பில்டர் இப்போது "இன்னும் ஒரு வருஷம் ஆகும்" என்கிறார். கடிதத்தில் அது ஒரே ஒரு வரி. நண்பருக்கு அந்த வரியின் விலை மாதம் 39,844 வீதம் 12 மாதத்துக்கு 4 லட்சத்து 78 ஆயிரம். கூடவே ஒரு வருட வாடகை 2 லட்சத்து 16 ஆயிரம். வேலை நின்றுபோனால் வங்கி அடுத்த தவணையை நிறுத்தும், வட்டியை நிறுத்தாது. கோபத்தில் நாமாகக் கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும்.

பணம் எப்படி நகர்கிறது?

ஒரு தளம் முடிந்ததும் பில்டரிடமிருந்து டிமாண்ட் லெட்டர் வரும். அதை நீங்கள் வங்கிக்கு அனுப்பி, பணத்தை விடுவிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வங்கி தன் இன்ஜினீயரை அனுப்பிப் பார்த்துவிட்டு, பணத்தை நேராக பில்டரின் கணக்குக்கு அனுப்பும். பணம் போன தேதியிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. "என் வீடு ரெண்டாவது மாடியில, அஞ்சாவது தளத்துக்கு நான் ஏன் பணம் கொடுக்கணும்?" ஒப்பந்தத்தில் தவணை அட்டவணை பெரும்பாலும் மொத்தக் கட்டடத்தையும் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கும். அதனால் அது தவறில்லை. போடாத தளத்துக்குப் பணம் கேட்பதுதான் தவறு.

நண்பர் சறுக்கியது அங்கேதான். பூச்சு வேலைக்கான டிமாண்ட் லெட்டர் வந்தபோது வாட்ஸ்அப்பில் நாலு போட்டோவும் வந்தது. முன்பக்கச் சுவர் பளிச்சென்று இருந்தது. இவர் சைட்டுக்குப் போகாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு போய்ப் பார்த்தால் உள்ளே பாதி வீடுகளில் செங்கல் அப்படியே தெரிகிறது. வங்கி இன்ஜினீயர் பார்க்கிறாரே என்று விட்டுவிட முடியாது. அவர் பார்ப்பது வங்கியின் பணம் பத்திரமா என்பதை. ஒவ்வொரு டிமாண்ட் லெட்டருக்கும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். வேலை முடியவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல், காரணத்தை பில்டருக்கும் வங்கிக்கும் மெயிலில் எழுதுங்கள். வேலை முடிந்திருந்தால் இழுத்தடிக்கவும் வேண்டாம். தாமதத்துக்கு பில்டர் உங்களிடம் வட்டி கேட்பார்.

இப்போதைய நிலவரத்தைப் பாருங்கள். கைப்பணம் 15 லட்சம், வங்கிப் பணம் 56.25 லட்சம். 75 லட்சத்தில் 71.25 லட்சம், அதாவது 95 சதவீதம் பில்டரிடம் போய்விட்டது. லிஃப்ட் இல்லை, டைல்ஸ் இல்லை, கரண்ட், தண்ணீர் இணைப்பு எதுவும் இல்லை. நண்பர் கையில் மிச்சம் இருப்பது 5 சதவீதம். அதை வைத்து யாரையும் அவசரப்படுத்த முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அட்டவணையின் மேல்பகுதியைவிட அதன் வால் பகுதியைத்தான் நான் பார்ப்பேன். தளங்கள் எல்லாம் முடிந்த பிறகு எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது? 15 என்றால் குறைவு. டைல்ஸ், லிஃப்ட், நிறைவுச் சான்றிதழ் என்று தனித்தனியாகப் பிரித்து 25, 30 சதவீதம் கடைசியில் நிற்கும்படி கேட்டுப் பாருங்கள். புக்கிங் நேரத்தில் கேட்டால் சில பில்டர்கள் இறங்கி வருவார்கள். பிறகு கேட்டுப் பயனில்லை.

முழு இஎம்ஐ-யை இப்போதே தொடங்கினால்?

சில வங்கிகள் அதற்கு அனுமதிக்கின்றன. நண்பர் முதல் மாதத்திலிருந்தே ரூ.52,069 கட்டியிருந்தால், வட்டி போக மிச்சம் அசலில் கழிந்திருக்கும். முதல் மாதம் வட்டி ரூ.7,969 தான் என்பதால் 44 ஆயிரம் ரூபாய் நேராக அசலுக்குப் போகும். 24 மாதம் முடிந்து சாவி வாங்கும்போது பாக்கி 60 லட்சம் இருக்காது, சுமார் 53 லட்சம்தான் இருக்கும். அதே இஎம்ஐ-யைத் தொடர்ந்தால் மீதிக் கடன் 20 ஆண்டில் இல்லை, 15 ஆண்டு சொச்சத்தில் முடிந்துவிடும். இரண்டு வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 6 லட்சத்து 28 ஆயிரம்.

ஆனால் வாடகையும் சேர்ந்தால் மாதம் 70 ஆயிரம். லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கு அது மூச்சு முட்டும். கட்டடம் நின்றுபோகும் பயம் இருக்கிற புராஜெக்ட்டில் அவசரகாலப் பணத்தையும் கடனில் கொட்டுவது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. ப்ரீ-இஎம்ஐ-யிலேயே இருந்துகொண்டு, போனஸ் வரும்போது அசலில் ஒரு பகுதியைக் கட்டுவது நடுவழி. மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. கட்டுமானக் காலத்திலேயே இப்படிக் கட்ட முடியுமா என்று மட்டும் உங்கள் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள். சில கடன் ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகு வீடு முடிந்தாலும் முடியாவிட்டாலும் இஎம்ஐ தொடங்கிவிடும் என்று இருக்கும்.

வரியில் திரும்பக் கிடைக்குமா?

"ப்ரீ-இஎம்ஐ வட்டியை வீடு முடிஞ்சதும் அஞ்சு வருஷத்துல பிரிச்சு கிளெய்ம் பண்ணிக்கலாம் சார்" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். சட்டத்தில் அப்படி இருப்பது உண்மை. ஆனால் நாமே குடியிருக்கும் வீடு என்றால், அந்தந்த வருட வட்டியும் இந்தப் பழைய வட்டியும் சேர்த்தே ஆண்டுக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு. 60 லட்சம் கடனுக்கு முதல் வருட வட்டியே 5 லட்சத்தைத் தொடும். வரம்பு அதிலேயே நிரம்பிவிடுகிறது. ஆக நண்பர் கட்டிய ப்ரீ-இஎம்ஐ-க்கு வரியில் தனியாக எதுவும் கிடைக்காது. அவர் புதிய வரி முறையில் இருந்தால் அந்த 2 லட்சமும் இல்லை.

தாமதத்துக்கு யார் பொறுப்பு?

ரெரா சட்டத்தின் 18-வது பிரிவு இங்கே உதவும். ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் வீடு தராவிட்டால், விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீடுதான் வேண்டும் என்றால், சாவி கொடுக்கும் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் பில்டர் வட்டி தர வேண்டும். தமிழ்நாட்டு விதிகளின்படி அந்த வட்டி எஸ்பிஐ-யின் எம்சிஎல்ஆர் விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். வங்கி கொடுத்த பணத்துக்கு மட்டுமின்றி, கைப்பணம் 15 லட்சத்துக்கும் சேர்த்தே இதைக் கேட்கலாம்.

நண்பரின் ஒப்பந்தத் தேதி முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பில்டர் ஒரு வருடம் கேட்டு அனுப்பிய கடிதத்தோடு, "ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட ஒரு தாளும் வந்திருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் புதிய தேதியை அவரே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், பிறகு தாமத வட்டி கேட்பது சிக்கலாகும். அவர் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பவில்லை. டிமாண்ட் லெட்டர்கள், வட்டிக் கணக்கு, செங்கல் தெரியும் சுவர்களின் போட்டோ எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டிருக்கிறார்.