மூன்று நொடியில் கழல வேண்டிய கோட்

ஹோட்டல் சீருடை தைப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், நான் தைத்துக் கொடுத்த செஃப் கோட்டைப் போட்டிருந்த ஒரு மாஸ்டர் மீது போண்டா எண்ணெய் கொட்டிவிட்டது. ஏப்ரன் பையின் வாய் வாணலியின் காதில் மாட்டியிருக்கிறது. அவர் திரும்பிய வேகத்தில் வாணலி சாய்ந்துவிட்டது. கோட்டில் ஐந்து பொத்தான், எல்லாம் இறுக்கமான காஜா. எண்ணெய்க் கையோடு ஒவ்வொன்றாகக் கழற்றப் பார்த்திருக்கிறார். முதுகுப் பக்கம் ஏப்ரன் நாடா முட்டுமுடிச்சாக இறுகிக் கிடந்தது. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள்.

பொரிக்கிற எண்ணெயின் சூடு சுமார் 180 டிகிரி செல்சியஸ். அது துணியில் ஊறி உடம்போடு ஒட்டிக்கொண்டால், துணி விலகும்வரை தோல் வெந்துகொண்டே இருக்கும். அதனால் எந்தத் துணி என்று கேட்பதோடு, எத்தனை நொடியில் கழலும் என்றும் கேட்க வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முதலில் துணி. கெட்டியான பருத்தி ட்ரில்லைத்தான் நான் எடுக்கிறேன். சதுர மீட்டருக்கு 220 முதல் 240 கிராம் எடை. பாலியஸ்டர் கலந்த துணி சுருங்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் தீ பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியும், கருகும்; உருகாது. கடைக்காரர் சுத்தப் பருத்தி என்று சொன்னால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி நூல் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருண்டு, ஆறியபின் நுனியில் கடுகு மாதிரி கெட்டியான மணியாக நிற்கும். பருத்திக்கு ஒரு குறை உண்டு, சுருங்கும். எனவே வெட்டுவதற்கு முன்பே துணியை வெந்நீரில் அலசிக் காய வைத்துவிடுவேன்.

தீத்தடுப்பு மருந்து ஏற்றிய பருத்தியும் கிடைக்கிறது. தணலுக்கு முன்னால் நிற்கிறவருக்கு அது உதவும். ஆனால் கொதிக்கும் சாம்பாரும் எண்ணெயும் அதிலும் ஊறத்தான் செய்யும். ப்ளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்தால் மருந்தின் பலனும் போய்விடும்.

செஃப் கோட்டின் மார்பில் துணி இரண்டு மடிப்பாக வருவது அழகுக்காக மட்டுமல்ல. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காற்று, சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது. கோட்டைப் பிடித்துத் தைத்தால் அந்தக் காற்று இல்லாமல் போகும். எனவே மார்புச் சுற்றளவைவிட 15 சென்டிமீட்டராவது தளர்வு விடுகிறேன்.

காஜாவை விட்டுவிட்டு இப்போது பிரஸ் பட்டன் வைக்கிறேன். மேல் ஓரத்தைப் பிடித்துச் சாய்வாக இழுத்தால் ஐந்தும் ஒரே மூச்சில் திறந்துவிடும். பட்டன் அடிக்கிற இடத்துக்குப் பின்னால் கூடுதலாக ஒரு பருத்திப் பட்டை அவசியம். இல்லாவிட்டால் நாலு தடவை இழுப்பதற்குள் துணி கிழிந்து பட்டன் கையோடு வந்துவிடும். உலோகம் சூடேறி மார்பைச் சுடாமலும் அந்தப் பட்டை காக்கும். பட்டன் மிகவும் லேசாக இருந்தால் குனியும்போதே திறந்துகொள்ளும். வெல்க்ரோ வைத்துப் பார்த்தேன். மாவும் பஞ்சும் ஏறி அதன் பிடி தளர்ந்துவிட்டது.

கோட்டுக்கு மேலே ஏப்ரன் இருப்பதை மறந்தால் இவ்வளவும் வீண். கழுத்துப் பட்டையில் ஒரு பிரஸ் பட்டன் வைக்கிறேன். இடுப்பு நாடாவை நீளமாக விட்டு, பின்னால் சுற்றி முன்னுக்குக் கொண்டுவந்து, ஒரு நுனியை இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போடச் சொல்கிறேன்.

பை விஷயத்தில் கறாராக இருக்கிறேன். மார்பிலும் வயிற்றிலும் வாய் திறந்த பை கூடாது. அது சிந்துகிற எண்ணெயைப் பிடித்து வைக்கும் கிண்ணம். பேனாவும் வெப்பமானியும் இடது கையின் மேற்புறத்தில் ஒடுக்கமான பையில் இருக்கட்டும். ஏப்ரனில் தொடைப் பக்கம் ஒரே பை, வாயை மூடும் மடிப்போடு. பிடிதுணி தொங்கவிட ஒரு வளையம் உண்டு. அதை இரண்டே தையலில் நிறுத்துகிறேன்; எங்காவது மாட்டினால் ஆளை இழுக்காமல் தையல் அறுந்துவிட வேண்டும். அந்தப் பிடிதுணி காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியால் பாத்திரத்தைப் பிடித்தால் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும்.

கோட் தைத்து முடிந்ததும் கொடுத்துவிட மாட்டேன். போட்டுக்கொள்பவரை ஏப்ரனோடு நிறுத்தி, மார்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, கையில் எண்ணெய் தடவி, ஒற்றைக் கையால் கழற்றச் சொல்வேன். முதலில் முடிச்சு, பிறகு கழுத்துப் பட்டை, பிறகு கோட். மூன்று நொடிக்குள் முன்பக்கம் முழுதும் திறக்காவிட்டால் எங்கே தடுக்கிறது என்று பார்த்துப் பிரித்துத் தைப்பேன்.

கழற்றியபின் காயத்தை ஓடுகிற குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். துணி தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள். அதைச் சுற்றி வெட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஹோட்டல் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை சீருடை வாங்கும்போது ஒன்றை நீங்களே போட்டு, கையை நனைத்துக்கொண்டு கழற்றிப் பாருங்கள்.