விலக்கு தேதி தப்பிய கணினிகள்

பெரிய நிறுவனங்கள் தாங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் 3 நிலைகளில் ஒன்று இருக்கும். ‘ஏற்பு’ என்றால் தாராளமாக வாங்கலாம். ‘நிறுத்திவைப்பு’ என்றால் இருப்பதை ஓட்டலாம், புதிதாக வாங்கக் கூடாது. ‘விலக்கு’ என்றால் குறித்த தேதிக்குள் அகற்றியாக வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் முடித்துக்கொண்டது. 2015 ஏப்ரலுக்குள் அதிலிருந்து மாறத் திட்டமிடுமாறு இங்கிலாந்து அரசு தன் பொது மருத்துவமனைகளுக்கு எழுதியது. அது ‘விலக்கு’ உத்தரவுதான்.

2017 மே 12-இல் வானாக்ரை வைரஸ் தாக்கியது. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகக் கணக்குப்படி, 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன.

பழி எக்ஸ்பி மேல் விழுந்தது. ஆனால் பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அது அப்போதும் ஆதரவில் இருந்த மென்பொருள். ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடத்தான் ஆளில்லை. பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எந்தத் திருத்தம் வரை போட்டிருக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்.

எக்ஸ்பிக்கும் ஒரு நியாயம் உண்டு. எம்ஆர்ஐ போன்ற கருவிகளுக்குள்ளேயே அது இருந்தது. கருவியைப் பராமரிப்பது விற்ற நிறுவனம் என்பதால், மருத்துவமனை தானாகத் திருத்தம் போட முடியாது. இத்தகையவற்றுக்கு விதிவிலக்கு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அந்த விதிவிலக்குக்கு ஒரு பொறுப்பாளரும் முடிவுத் தேதியும் வேண்டும். அதுவரை கருவியை மற்ற வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.