நட்டும் போல்ட்டும் சொல்லித்தரும் மோல்

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளில் மோலைப் பற்றிப் பேச மேடையேறும் வேதியியல் ஆசிரியர், அந்தப் பெரிய எண்ணிலிருந்து தொடங்காமல் இருப்பதே நல்லது. 6022க்குப் பின்னால் 20 பூஜ்ஜியம் என்றதுமே பாதி மாணவர்கள் மிரண்டுவிடுவார்கள். ஹார்டுவேர் கடையிலிருந்து தொடங்கலாம்.

ஒரு போல்ட் 15 கிராம், ஒரு நட்டு 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கினால் 66 போல்ட்டும் 200 நட்டும் கிடைக்கும். 134 நட்டுகள் ஜோடியில்லாமல் கிடக்கும். ஒன்றரைக் கிலோ போல்ட்டுக்கு அரைக் கிலோ நட்டு வாங்கினால் இரண்டும் நூறு நூறு. கடைக்காரர் ஒன்றைக்கூட எண்ணவில்லை, தராசே எண்ணிவிட்டது.

வேதியியலில் மோல் செய்வதும் இதைத்தான். அணுக்களும் மூலக்கூறுகளும் எண்ணிக்கைக் கணக்கில்தான் சேர்கின்றன. ஆனால் நம்மால் நிறுத்துப் பார்க்க மட்டுமே முடியும். ஆப்ப சோடாவில் ஒரு மோல் என்பது 84 கிராம்; வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்தில் 60 கிராம். எடை வேறானாலும் எண்ணிக்கை ஒன்றே.

இதை மேடையிலேயே காட்டலாம். அரை லிட்டர் பாட்டில்கள் இரண்டிலும் 60 மில்லி வினிகர் ஊற்ற வேண்டும். லேபிளில் அமிலம் 5 சதவீதம் என்றிருந்தால் அதில் 3 கிராம் அமிலம் இருக்கும், அதாவது 0.05 மோல். (4 சதவீதம் என்றிருந்தால் 75 மில்லி தேவைப்படும்.) ஒரு பலூனில் 4.2 கிராம் சோடா, அதுவும் 0.05 மோல்தான். இன்னொன்றில் இரு மடங்காக 8.4 கிராம். பலூன்களைப் பாட்டில் வாயில் மாட்டி, சோடாவை உள்ளே கொட்டிக் குலுக்க வேண்டும்.

இரு மடங்கு சோடா போட்ட பலூன் பெரிதாக உப்பும் என்றுதான் பிள்ளைகள் கத்துவார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இரண்டிலும் வந்தது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான கரியமில வாயு. அமிலம் தீர்ந்துபோனதால் மிச்ச சோடாவுக்கு ஜோடியில்லை. அது உள்ளேதான் இருக்கிறதா? பலூன்களைக் கழற்றிவிட்டு இரண்டு பாட்டிலிலும் கொஞ்சம் வினிகர் ஊற்றினால் தெரிந்துவிடும்: இரண்டாவது மட்டும் மறுபடி நுரைத்துப் பொங்கும். ஒரு பலூன் மட்டும் சிறுத்துவிட்டால், பாட்டில் வாயில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பலூன் விகிதத்தைத்தான் காட்டும், எண்ணைக் காட்டாது. அந்த எண்ணைத் துல்லியமாக அறிய, ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள தூய சிலிக்கான் உருண்டையைச் செய்தார்கள். எக்ஸ் கதிரால் அணுக்களின் இடைவெளியை அளந்து, உருண்டையின் கன அளவோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள். அதுவரை 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே மோலுக்கு இலக்கணமாக இருந்தது. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்ற எண்ணே மோல் என்று ஆகிவிட்டது.