எழுத்து பெரிதானால் பட்டன் ஏன் உடைகிறது?

கண் மங்கத் தொடங்கியவர்களின் போனில் பிள்ளைகள் செய்து கொடுக்கும் முதல் உதவி, செட்டிங்ஸில் ஃபாண்ட் சைஸைக் கூட்டுவது. வாட்ஸ்அப் செய்தி பளிச்சென்று தெரியும். சில பணப் பரிமாற்றச் செயலிகளைத் திறந்தால்தான் வம்பு: பட்டனுக்குள் இருக்கும் எழுத்தில் பாதி காணாமல் போயிருக்கும். பழுது போனில் இல்லை, செயலியைக் கட்டிய விதத்தில் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. பெட்டி, இடைவெளி, படம் ஆகியவற்றை dp என்ற அலகில் அளப்பார்கள். எழுத்தை sp என்ற அலகில். சாதாரண நிலையில் இரண்டும் ஒன்றே. ஃபாண்ட் சைஸைக் கூட்டும்போது sp மட்டும் வளரும், dp நின்ற இடத்திலேயே நிற்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பட்டனின் உயரம் 48dp என்று நிரந்தரமாக எழுதியிருக்கிறார்கள். மேலே 12, கீழே 12 இடைவெளி போக எழுத்துக்கு மிஞ்சுவது 24. 16sp எழுத்தில் ஒரு வரி சுமார் 24 உயரம் பிடிக்கும் என்பதால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். எழுத்தை 1.3 மடங்காக்கினால் வரி 31 கேட்கும். கிடைப்பதோ அதே 24. முதலில் சீவப்படுவது அடிப்பகுதி. தமிழில் ‘து’, ‘ரு’ போன்றவற்றின் கொக்கி அங்கேதான் இருக்கிறது. இரண்டு மடங்குக்குப் போனால் வரி 48 வரை வரும், வாசகமும் இரண்டு வரியாக மடியும். அப்போது தெரிவது முதல் வரியின் மேல்பாதி மட்டுமே.

பல ஆண்டுகள் இது பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. கூகுளின் பிக்ஸல் போன்களில் எழுத்தை 130% வரைதான் கூட்ட முடிந்தது. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 அந்த எல்லையை 200% ஆக்கியது. ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்பு எழுத்துகள் அதே விகிதத்தில் ஊதாமல் அடக்கி வைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. ஆனாலும் 130%இல் தப்பிப் பிழைத்த பட்டன்கள் 200%இல் மாட்டிக்கொண்டன.

சிலர் ‘ஒரே வரி, இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி’ என்று அமைத்துவிடுவார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் அறுபட்ட எழுத்தைவிட இதுதான் ஆபத்து. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ‘ரத்து செய்ய வேண்டாம்’ என்ற பட்டன் ‘ரத்து செய்ய…’ என்று நிற்கும். அதன் மேலேயே ‘ரத்து செய்’ என்ற இன்னொரு பட்டன். எதை அழுத்துவது?

கார்டுகளில் நடப்பது இன்னும் சத்தமில்லாத விபத்து. கடன் பெயர், தொகை, கடைசி நாள் என மூன்று வரிகள் கொண்ட கார்டின் உயரத்தைக் கட்டிப்போட்டால், எழுத்து வளரும்போது மூன்றாவது வரி முழுதாகவே வெளியே தள்ளப்படும். அரைகுறை எழுத்தாவது தெரிந்தால் ஏதோ கோளாறு என்று புரியும். இங்கே அங்கு ஒரு தேதி இருந்த தடயமே இருக்காது.

இப்படிப் புகார் வந்தால் சில குழுக்கள் செய்யும் குறுக்குவழி, எழுத்தையும் dp-யில் அளந்துவிடுவது. பட்டன் உடையாது, பெரிய எழுத்து கேட்டவருக்குப் பெரிய எழுத்தும் கிடைக்காது. சரியான மாற்றம் இரண்டே வரிதான்:

```
android:layout_height="wrap_content"
android:minHeight="48dp"
```

குறைந்தது 48 இரு, உள்ளடக்கம் கேட்டால் வளர்ந்துகொள் என்பது இதன் பொருள். ஆனால் பட்டன் வளர்ந்தால் அதன் கீழுள்ளவை கீழே நகரும். ஆகவே திரை ஸ்க்ரோல் ஆக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பட்டன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக மாற வேண்டும். இதை விட்டுவிட்டால் ‘உறுதி செய்’ பட்டனே திரைக்கு வெளியே போய்விடும். சோதிக்க, போனைக் கணினியில் இணைத்து இந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு திரையாகத் திறந்து பார்த்தால் போதும்:

```
adb shell settings put system font_scale 2.0
```

செயலி திருந்தும்வரை பயன்படுத்துபவருக்கும் ஒரு வழி இருக்கிறது. ஃபாண்ட் சைஸுக்குப் பக்கத்திலேயே ‘டிஸ்ப்ளே சைஸ்’ என்று இன்னொரு அமைப்பு இருக்கும். அது dp-யையே பெரிதாக்குவதால் எழுத்தும் பெட்டியும் சேர்ந்தே வளரும். ஃபாண்ட் சைஸை ஒரு படி குறைத்து இதை ஒரு படி கூட்டினால், பல செயலிகளில் வெட்டுப்பட்ட வாசகம் திரும்ப வந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு திரையில் அடங்குவது குறையும். ஐபோனில் இன்னும் வசதி: iOS 15 முதல், எழுத்தின் அளவை உடையும் செயலிக்கு மட்டும் குறைத்து, மற்றவற்றில் பெரிதாகவே வைத்துக்கொள்ளலாம்.