மூன்றாவது அடுக்கின் விலை

“அக்கா, ரெண்டு அடுக்குக்கு மூவாயிரத்து அறுநூறு சொன்னீங்க. இன்னொரு அடுக்கு கூட வெச்சா ஆயிரம் ரூபா கூடுமா?”

மதுரையில் என் தங்கை வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறாள். போன சித்திரையில் நான் அங்கே தங்கியிருந்தபோது வந்த போன் அது. பேசியவருடைய அப்பாவுக்கு மணிவிழா. திருமங்கலம் பக்கம் ஒரு மண்டபம், 60 பேர் வருவார்கள். தங்கை காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்று அடுக்கென்றால் 6,485 ரூபாய் ஆகும் என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஓர் அடுக்கு கூட்டினால் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று யாருக்குத்தான் தோன்றும்? எனக்கே தோன்றவில்லை. போனை வைத்ததும் அவளிடம் உட்கார்ந்து கேட்டேன். அவள் சொன்னதும் அந்தக் காகிதத்தில் இருந்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர்கள் ‘லேயர்’ என்று சொல்லும்போது இரண்டு வேறு பொருளில் சொல்கிறார்கள். ஒரே வட்டக் கேக்குக்குள் ஸ்பான்ஜ், கிரீம், ஸ்பான்ஜ் என்று மாறி மாறி வருவது லேயர். சிறிய கேக்கைப் பெரிய கேக்கின் தலைமேல் ஏற்றி வைப்பது டயர், அதாவது அடுக்கு. ‘இன்னொரு லேயர் வேணும்’ என்று ஒருவர் கேட்டால், கேக் கொஞ்சம் உயரமாக வேண்டும் என்று அர்த்தமா, கீழே இன்னொரு மாடி வேண்டும் என்று அர்த்தமா என்று தங்கை திருப்பிக் கேட்காமல் ஆர்டர் எடுப்பதில்லை. மூன்று ஸ்பான்ஜ் உள்ள ஒரு கிலோ கேக்கில் நான்காவது ஒன்று சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு எடை கூடும். அந்த எடைக்கான பணத்தோடு முடிந்துவிடும். ஆறு அங்குல உயரத்தைத் தாண்டாதவரை உள்ளே தாங்கு எதுவும் வைக்கத் தேவையில்லை. அடுக்கு விஷயம் அப்படி அல்ல.

ஆறு அங்குல விட்டமும் நான்கு அங்குல உயரமும் உள்ள வட்டக் கேக், கிரீமோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். உயரத்தை மாற்றாமல் விட்டத்தை எட்டு அங்குலமாக்கினால் எடை என்ன ஆகும்? இரண்டு அங்குலம்தானே, ஒன்றே கால் கிலோ, ஒன்றரை கிலோ வரும் என்று மனம் சொல்லும். ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஆறின் வர்க்கம் 36, எட்டின் வர்க்கம் 64. அதனால் எட்டு அங்குலக் கேக் ஒன்றே முக்கால் கிலோவுக்கும் சற்று மேலே, 1.8 கிலோ வரும். மேலே ஆறு, கீழே எட்டு என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 2.8 கிலோ.

மூன்றாவது அடுக்கை மேலே வைக்கலாம், கீழேயும் வைக்கலாம். ‘இன்னொரு அடுக்கு’ என்று கேட்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் கீழே விரிந்த பெரிய அடுக்குதான். புகைப்படத்தில் கம்பீரமாகத் தெரிவது அதுவே. அது பத்து அங்குலம். பத்தின் வர்க்கம் 100. பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ் இங்கே வந்து நிற்கிறார்: 36-ம் 64-ம் சேர்ந்தால் சரியாக 100. அதாவது, கீழே வரும் அந்த ஓர் அடுக்கு, மேலே உள்ள இரண்டு அடுக்குகளையும் சேர்த்த எடைக்குச் சமம். 2.8 கிலோ கேக் ஒரே தாவலில் 5.6 கிலோ ஆகிவிடுகிறது. ஆறு, எட்டு, பத்து அங்குல டின்கள்தான் பலரும் அடுக்குக் கேக்குக்குப் பயன்படுத்துவது என்பதால் இந்தக் கணக்கு எந்தக் கடையிலும் ஏறத்தாழ இப்படியேதான் இருக்கும்.

இப்போது அந்தக் காகிதத்தைப் பார்க்கலாம். ரூபாய் தங்கையினுடையது, ஊருக்கும் ருசிக்கும் தக்கபடி மாறும். அவளிடம் சாக்லேட் டிரஃபிள் கிலோ 850. இரண்டு அடுக்குக்கு 2.8 கிலோ, 2,380 ரூபாய். அடுக்கி நிறுத்துவதற்கு 500. பெயர் வெட்டிய அக்ரிலிக் டாப்பர் 300. மண்டபம் 22 கிலோமீட்டர். முதல் ஐந்து கிலோமீட்டருக்குக் கட்டணம் கிடையாது, மீதி 17-க்கு கிலோமீட்டருக்கு 25 வீதம் 425. ஆக மொத்தம் 3,605. பத்து அங்குல அடுக்கு சேர்ந்தால் கேக்குக்கு இன்னொரு 2,380, அடுக்குவதற்கு இன்னொரு 500. டாப்பரும் வண்டியும் மாறவில்லை. 6,485 வந்தது இப்படித்தான். பதிவுபெற்ற கடையில் வாங்கினால் இதன்மேல் ஜிஎஸ்டி வரும். கேக்குக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

அந்த 500 ரூபாயைப் பார்த்து ‘கேக்குக்குத்தான் எடைக்கு எடை காசு வாங்கிவிட்டீர்களே, தூக்கி மேலே வைக்க எதற்குத் தனியாக?’ என்று கேட்காதவர்கள் குறைவு. வெறுமனே தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்று தங்கை எனக்குச் செய்தே காட்டினாள். ஒரு கிலோவை மென்மையான ஸ்பான்ஜின் மேல் வைத்த சற்று நேரத்தில் கீழ்க் கேக்கின் நடுப்பகுதி அமுங்கியது. அடுக்குகளுக்கு இடையில் இருந்த கிரீம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வந்து, கேக்கைச் சுற்றித் தொப்பை போட்டதுபோல் ஒரு வளையம் தெரிந்தது. அந்தத் தொப்பைதான் முதல் எச்சரிக்கை. அடுத்தது மேல் கேக்கின் அடிவிளிம்பில் கிரீமில் ஓடும் மெல்லிய விரிசல். அதற்குப் பிறகு சாயும்.

இதைத் தவிர்க்க, கீழ்க் கேக்குக்குள் நாலைந்து தடித்த ஸ்ட்ராக்களையோ மரக்குச்சிகளையோ செங்குத்தாக இறக்குகிறார்கள். அவை கேக்கின் உயரத்துக்கு மட்டமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். அவற்றின் மேல் ஒரு மெல்லிய அட்டை, அட்டையின் மேல்தான் அடுத்த கேக். மேல் கேக்கின் பாரம் அட்டை வழியாகக் குச்சிகளுக்கு இறங்கி, அடிப்பலகைக்குப் போய்விடுகிறது. ஸ்பான்ஜ் எதையும் சுமப்பதில்லை. ஒரு குச்சி அரைக்கால் அங்குலம் குட்டையாகிவிட்டாலும் மேல் கேக் அந்தப் பக்கம் சாயும். பயணம் என்றால் எல்லா அடுக்கையும் ஊடுருவி நடுவில் நீளமாக ஒரு குச்சி. இதற்கெல்லாம் முன்னால் ஒவ்வொரு கேக்கும் ஃபிரிட்ஜில் பல மணி நேரம் இறுகியிருக்க வேண்டும். பொருளின் விலை குறைவுதான். இந்தக் கட்டணம் அந்த நேரத்துக்கும் கைக்குமானது. ஒரே தட்டில் மூன்று கிலோ கேக் வாங்கினால் இது கிடையாது. கேக்கின் அளவு மட்டும் முக்கியம் என்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

எடையைப் பற்றி விலை பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கிலோவில் எதெல்லாம் சேர்த்தி? கேக்கின் மேல் போர்வைபோல் விரிக்கும் ஃபான்டன்ட் கனமான சர்க்கரை மாவு. ஆறு அங்குலக் கேக் ஒன்றைப் போர்த்தவே 300 கிராம் பிடிக்கும். அதையும் சேர்த்து ஒரு கிலோ என்றால் சாப்பிடும் கேக் 700 கிராம்தான், ஃபான்டன்ட்டைப் பலர் உரித்துத் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு முறையும் சரியே. எது என்று ஆர்டர் கொடுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மணிவிழாக்காரர் மறுநாள் மீண்டும் அழைத்தார். தங்கை அவருக்கு இரண்டு வழி சொன்னாள். ஒன்று, கீழ் அடுக்கைத் தெர்மோகோலில் வைத்து மேலே கிரீம் பூசுவது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, பூச்சுக்கும் வேலைக்கும் மட்டும் பணம். ஆனால் எது பொய் அடுக்கு என்று கத்தி பிடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, மூன்றாவது அடுக்கைத் தலைமேல் வைப்பது. நான்கு அங்குலத்தின் வர்க்கம் 16, எடை அரைக் கிலோகூட இல்லை. கேக்குக்கு 380, அடுக்குவதற்கு 500, மொத்தம் 4,485.

“அப்பாவுக்குப் பொய்க் கேக் வேணாங்க்கா. சின்னதை மேலே வெச்சிடுங்க” என்றார் அவர்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. ‘மணிவிழா வாழ்த்துகள்’ என்று அவர் கேட்டிருந்த டாப்பர் ஆறு அங்குல அகலம். நான்கு அங்குலக் கேக்கின் மேல் அது இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தமிழ் எழுத்தைச் சுருக்கவும் முடியாது. லேசரில் வெட்டும்போது ஒவ்வொரு புள்ளியும் எழுத்தை விட்டுத் தனியாகக் கழன்று விழும். ‘ழா’வின் கால் ‘ழ’வைத் தொடாது. அதனால் வெட்டுபவர் புள்ளியை எழுத்தோடு ஒட்டவைத்து, எழுத்துகளின் அடியில் பட்டை ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே துண்டாக இணைத்து வரைய வேண்டும். எழுத்து சிறிதாகும்போது இந்த இணைப்புகள் நூலாக மெலிந்து உடைந்துவிடும். தனியாக ஒருவருக்காக வெட்டும் டாப்பரின் விலையில் அக்ரிலிக்கைவிட இந்த வரைவுக்குத்தான் பங்கு அதிகம். எழுத்துப்பிழையோடு வெட்டிவிட்டால் திருத்தவும் முடியாது. கடைசியில் ‘60’ என்ற எண் மட்டும் மூன்று அங்குலத்தில், 180 ரூபாய்க்கு. வாழ்த்தை நடு அடுக்கின் முகப்பில் சாக்லேட்டால் எழுதிக் கொடுத்தாள். தொகை 4,365-க்கு இறங்கியது.

வண்டிக் கட்டணத்தில் அவர் குறைக்கச் சொல்லவில்லை, தங்கையும் குறைத்திருக்க மாட்டாள். ஒரு கிலோ கேக்கை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோகலாம். அடுக்குக் கேக்குக்குக் காரும் ஏசியும் வேண்டும், சீட்டில் இல்லாமல் சமதளமான இடத்தில் வைக்க வேண்டும். திரும்பி வரும் 22 கிலோமீட்டரும் அந்த 25 ரூபாய்க்குள் அடக்கம். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மதுரை சித்திரை வெயில் அதைத் தாண்டித்தான் நிற்கிறது. வேகத்தடைகளில் கார் ஊர்ந்துதான் போனது, நானும் கூடப் போனேன். நான்கு அங்குல அடுக்கு தனிப் பெட்டியில் வந்தது. மண்டபத்தில் ஏசி அறையில் வைத்து மேலே ஏற்றி, சேர்ந்த இடத்தில் கிரீம் பூசி மறைத்தாள். கால் மணி நேரம் ஆனது.

மூன்றேகால் கிலோ கேக், 60 பேர். ஆளுக்கு ஐம்பது கிராமுக்குச் சற்று மேல். விருந்துச் சாப்பாடு முடிந்த பிறகு கொடுத்ததால் அது சரியாக இருந்தது; மதியத்துக்கு மேல் பலகையில் மிஞ்சியது ஸ்ட்ராக்களும் இரண்டு அட்டைகளும்தான்.